ஜமாஅத் இதழை அச்சுக்கு அனுப்பும் முன்: எழுத்துப் பிழையும் ஒற்றுப் பிழையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஹதீஸ் கலையில் ‘தஸ்ஹீஃப்’ என்று ஒரு பாடம் உண்டு. எழுத்தையோ புள்ளியையோ மாற்றிப் படிப்பதால் உண்டாகும் பிழைக்கு அந்தப் பெயர். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது ‘முகத்திமா’வில் அதற்குத் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஷவ்வால் மாத ஆறு நோன்பு பற்றிய ஹதீஸ். அதில் வரும் ‘சித்தன்’ (ஆறு) என்ற சொல்லை அபூபக்ர் அஸ்ஸூலீ என்ற அறிஞர் ‘ஷைஅன்’ (ஏதோ கொஞ்சம்) என்று சொல்லி எழுதவைத்துவிட்டார். புள்ளிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் அரபியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம். ஆனால், ஆறு என்ற எண்ணிக்கையே காணாமல் போய்விடுகிறது.

இத்தகைய பிழையைத் திருத்துவதற்கு ‘தஸ்ஹீஹ்’ என்று பெயர். தஸ்ஹீஃப், தஸ்ஹீஹ்: பிழைக்கும் திருத்தத்துக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. ரமலான் மலரோ, மதரஸா ஆண்டு விழா மலரோ, மாதச் செய்தி மடலோ கொண்டுவருகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டிய செய்தி இது. நம் இதழ்களில் வரும் பிழைகளும் பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழைகளே.

எட்டயபுரம் காட்டும் பாடம்

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதற்கு வெளியூரில் சான்று தேட வேண்டியதில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது பக்கத்திலுள்ள எட்டயபுரத்தில்தான். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் காப்பியம் நெடுங்காலம் ஓலைச்சுவடிகளிலேயே இருந்தது. அதை 1842-ஆம் ஆண்டு அச்சில் கொண்டுவந்தவர் ‘புலவர் நாயகம்’ எனப்படும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள்.

அச்சுக்கு முன் அவர் செய்யவேண்டியிருந்த வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. ‘ர’ என்ற எழுத்தும் ‘ா’ என்ற காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகரக் குறிலா நெடிலா என்பதையும் இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஒரே வரியை இரண்டு மூன்று விதமாகப் படிக்க முடியும் என்ற நிலையில், பிரதிகளை ஒப்பிட்டு, பொருளைக் கவனித்து, ஓசையைக் கேட்டுத்தான் சரியான பாடத்தை எடுக்க முடியும்.

ஹதீஸ் மாணவர்கள் இதையே ‘முகாபலா’ என்பார்கள். மூலத்தைப் பார்த்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தம் பிரதியில் சரிபார்ப்பார். உர்வா (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதினாயா என்று கேட்டு, ஆம் என்றதும், ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அப்படியானால் நீ எழுதவே இல்லை என்று சொன்னார்கள் என வருகிறது. நமது எட்டுப் பக்க மடலுக்கும் அந்த முறையே போதும். ஆனால், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடவேண்டும்.

ஒரு மாதிரி அறிவிப்பு

கீழே உள்ளது பாடத்துக்காக நான் அமைத்த அறிவிப்பு. இதைப் போன்றவை ஒவ்வொரு ரமலானிலும் ஏதாவது ஓர் ஊரில் அச்சாகின்றன. முதலில் ஒருமுறை படித்து, எத்தனை பிழை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

> அணைத்து ஜமாஅத்தினருக்கும் அறிவிப்பு. இன்ஷா அல்லாஹ், ரமலான் பிறை 1 முதல் நம் பள்ளிவாசலில் நோன்பு கஞ்சி வழங்கப்படும். நோன்புத் திறக்கும் நேரத்திற்கு கால் மணி நேரம் முன்பாக பாத்திரத்துடன் வரவும். ஃபித்ராவை பெருநாள் தொழுகைக்கு முன்பே பொருப்பாளரிடம் கொடுத்து விடவும். சென்ற மாதம் இரந்த முதியவருக்காக துஆ செய்யவும்.

ஐந்தாறு வாக்கியம்தான். இதில் ஒன்பது பிழைகள் இருக்கின்றன. பத்தாவதாக, பிழை என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ஒன்றும் இருக்கிறது. அவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்ப்போம். எல்லா வகையையும் ஒரே வாசிப்பில் தேடினால் கண் பொருளோடு ஓடிவிடும். வகைக்கு ஒரு வாசிப்பு என்று வைத்துக்கொண்டால் அகப்பட்டுவிடும்.

முதல் வாசிப்பு: ஒலி ஒத்த எழுத்துகள்

ர-ற, ல-ள-ழ, ந-ன-ண ஆகிய மூன்று கூட்டங்களை மட்டும் பார்த்து வாசிப்பது முதல் வாசிப்பு. மாதிரியில் இந்த வகைப் பிழைகள் மூன்று.

‘அனைத்து’ என்றால் எல்லா. ‘அணைத்து’ என்றால் தழுவி, அல்லது விளக்கை அணைத்து. ‘அணைத்து சகோதரிகளும் வருக’ என்று அச்சாகிவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை.

‘பொறுப்பு’ என்பது கடமை. ‘பொருப்பு’ என்பது மலை. எனவே பொறுப்பாளர்தான் சரி.

மூன்றாவதுதான் மிகவும் கவனிக்கவேண்டியது. ‘இறந்தார்’ என்றால் காலமானார். ‘இரந்தார்’ என்றால் யாசித்தார். மாதிரியில் உள்ளபடி அச்சானால், மறைந்துபோன ஒரு பெரியவரைப் பிச்சை எடுத்தவர் என்று அவருடைய பிள்ளைகள் கையிலேயே நாம் எழுதிக் கொடுக்கிறோம். அந்தக் குடும்பம் அந்த இதழை வருடக்கணக்கில் எடுத்து வைத்திருக்கும். மறுப்பு வெளியிட்டாலும் முதல் தாள் திரும்பி வராது. எனவே ஜனாஸா செய்தியையும் துஆ வேண்டுகோளையும் மட்டும் தனியாக இன்னொருமுறை வாசியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் மலருக்கு இன்னொரு சொல்: ‘கறி’ உண்பது, ‘கரி’ அடுப்பில் எரிப்பது. குர்பானி பங்கீட்டு அறிவிப்பில் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்.

கணினியில் எழுத்துப் பிழை காட்டும் ‘வாணி’, சந்திப் பிழை காட்டும் ‘நாவி’ போன்ற கருவிகள் இருக்கின்றன. தட்டச்சில் விழுந்த எழுத்துக் குறைகளைக் கண்டுபிடிக்க அவை நல்ல உதவி. ஆனால் இரந்தார், அணைத்து, பொருப்பு, கரி எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள். சொல்லைத் தனியாகப் பார்க்கும் கருவி அவற்றைப் பிழையென்று காட்டாது. இந்த வாசிப்பை மனிதர்தான் செய்யவேண்டும்.

இரண்டாம் வாசிப்பு: விடுபட்ட ஒற்று

க, ச, த, ப ஆகிய நான்கில் தொடங்கும் சொற்களை மட்டும் பார்த்து, அதற்கு முந்தைய சொல் எப்படி முடிகிறது என்று கவனிப்பது இரண்டாம் வாசிப்பு. ஒற்று மிகும் இடங்களை நன்னூல் முதலிய இலக்கண நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. நம் இதழ்களில் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் மூன்றுதான். அவற்றைப் பிடித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதலாவது, ‘ஐ’ என்று முடியும் இரண்டாம் வேற்றுமை. ஃபித்ராவைப் பெருநாளுக்கு முன் கொடுங்கள், குர்ஆனைத் திறந்தார், பிள்ளைகளைச் சேர்த்தார்.

இரண்டாவது, ‘கு’ என்று முடியும் நான்காம் வேற்றுமை. நேரத்திற்குக் கால் மணி முன்பு, ஏழைகளுக்குக் கொடுத்தார், மதரஸாவுக்குச் சென்றார்.

மூன்றாவது, ‘ஆக’ என்று முடியும் சொல். முன்பாகப் பாத்திரத்துடன் வரவும், முறையாகச் செலுத்தவும், சார்பாகத் தெரிவிக்கிறோம்.

மாதிரியில் இந்த மூன்றும் ஒவ்வொன்றாக விடுபட்டிருக்கின்றன. நான்காவதாக விடுபட்டது ‘நோன்புக் கஞ்சி’. அதை அடுத்த வாசிப்போடு சேர்த்துப் பார்ப்பதே தெளிவு.

மூன்றாம் வாசிப்பு: தேவையில்லாமல் வந்த ஒற்று

ஒற்று விடுவது தவறு என்று தெரிந்தவுடன் எல்லா இடத்திலும் ஒற்றைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் பிழைதான். நம் இதழ்களில் இதற்கு நிலையான எடுத்துக்காட்டு ‘நோன்பு’ என்ற சொல்.

நோன்புக் கஞ்சி, நோன்புப் பெருநாள்: இங்கே ஒற்று மிகும். நோன்பு திறந்தார், நோன்பு பிடித்தார்: இங்கே மிகாது. காரணம் எளிது. கஞ்சியும் பெருநாளும் பெயர்ச்சொற்கள். நோன்புக்குரிய கஞ்சி, நோன்பை ஒட்டிய பெருநாள் என்று இடையில் ஒரு பொருள் மறைந்து நிற்கிறது. திறந்தார், பிடித்தார் என்பவை வினைகள். நோன்பைத் திறந்தார் என்பதில் ‘ஐ’ மறைந்து, நோன்பு திறந்தார் என்று நிற்கிறது. ‘ஐ’ வெளிப்படையாக இருந்தால் ஒற்று வரும். மறைந்து, அடுத்த சொல் வினையாக இருந்தால் வராது.

இந்தச் சோதனையை மற்றச் சொற்களுக்கும் வைத்துப் பாருங்கள். உதவி கேட்டார், ஆனால் உதவித்தொகை. தொழுகை தொடங்கும், ஆனால் தொழுகைக் கூடம். வேலை தேடுகிறார், ஆனால் வேலைத் திட்டம். தீப்பெட்டி செய்கிறார், ஆனால் தீப்பெட்டித் தொழிலாளர். அடுத்த சொல் பெயரா வினையா என்று கேட்பதே வழி. எல்லாத் தொடருக்கும் இது பொருந்தாது. தாய்தந்தை போல ‘உம்’ மறைந்த தொடரிலும், ஊறுகாய் போன்ற வினைத்தொகையிலும் பெயர் வந்தும் ஒற்று மிகாது. ஆயினும் ஜமாஅத் இதழில் வரும் தொடர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கேள்வியே விடை சொல்லிவிடும்.

இன்னும் இரண்டு இடங்களில் கூடுதல் ஒற்று அடிக்கடி நுழைகிறது. ஒன்று, பெயரெச்சம்: ஓதிய பிள்ளைகள், வந்த செய்தி, வழங்காத தொகை. இங்கே மிகாது. மற்றொன்று, ‘வந்து, செய்து’ போன்ற எச்சம்: வந்து சென்றார், செய்து கொடுத்தார். இங்கேயும் மிகாது. ஆனால் எடுத்துக் கொடுத்தார், கேட்டுச் சொன்னார் என்பவற்றில் மிகும். ‘எடுத்து’ என்பதில் ‘து’வுக்கு முன் த் என்ற வல்லின ஒற்று இருக்கிறது, ‘வந்து’ என்பதில் ந், ‘செய்து’ என்பதில் ய். வாய்விட்டு வாசித்தால் இந்த வேறுபாட்டை நாவே சொல்லிவிடும். தஜ்வீத் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும்.

நான்காம் வாசிப்பு: சேர்ப்பதும் பிரிப்பதும்

மாதிரியில் ‘கொடுத்து விடவும்’ என்று பிரிந்திருக்கிறது. ‘விடு’ என்பது இங்கே தனி வினை அன்று. கொடுப்பதை உறுதிப்படுத்த வந்த துணைவினை. எனவே ‘கொடுத்துவிடவும்’ என்று சேர்த்து எழுதுவதே தெளிவு. பிரித்து எழுதினால், கொடுத்தபின் எதையோ விட்டுவிடச் சொல்வது போலாகிறது.

இதேபோல் ‘வரும்படி கேட்டுக்கொள்கிறோம்’ என்பதை ‘வரும் படி’ என்று பிரித்தால், வருகிற படித்தொகையைக் கேட்பதாகவோ, மாடிப்படியைச் சொல்வதாகவோ படிக்க இடமுண்டு. கொண்டிரு, விடு, படு, வேண்டும் போன்றவை முந்தைய வினையைச் சார்ந்து நிற்கும்போது சேர்ப்பதா பிரிப்பதா என்பதில் பதிப்பகங்களுக்குள்ளேயே வழக்கு வேறுபடும். எந்த வழக்கை எடுத்தாலும் இதழ் முழுவதும் ஒன்றாக இருக்கட்டும்.

பிரிப்பதில் இன்னோர் ஆபத்து வரி முறியும் இடத்தில் இருக்கிறது. குறுகிய பத்தியில் ‘கொடுக்க’ என்று ஒரு வரி முடிந்து, ‘வேண்டாம்’ என்பது அடுத்த பத்தியின் மேலே போய்விட்டால், அவசரமாகப் படிப்பவர் முதல் பாதியோடு நின்றுவிடுவார். ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘கூடாது’ என்ற சொற்கள் தாங்கள் மறுக்கும் வினையோடு ஒரே வரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மார்க்கச் சட்டம் சொல்லும் பத்தியில் இது முக்கியம்.

அரபுச் சொற்களில் என்ன செய்வது?

பத்தாவது இடத்துக்கு வருவோம். ‘முதியவருக்காக துஆ’ என்பதில் தமிழ் விதிப்படி ‘முதியவருக்காகத் துஆ’ என்று வரவேண்டும். ஆனால் ஒற்று வந்தால் அடுத்த எழுத்தை வல்லோசையாகத்தான் படிக்க முடியும். ‘துஆ’வின் முதல் எழுத்து அரபியில் ‘தால்’. அதன் மெல்லோசை ஒற்றுக்குப் பின் மாறிவிடுகிறது. ‘பரக்கத்’ என்பதற்கும் இதே சிக்கல். இதனால் அரபுச் சொல்லுக்கு முன் ஒற்று இடுவோரும் உண்டு, இடாமல் விடுவோரும் உண்டு. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் இட்டு, மறுபக்கத்தில் விடுவதுதான் பிழை.

இதற்கு ஒரே வழி, ஒரு தாளில் இதழின் சொற்பட்டியலை எழுதி வைப்பது. ஜகாத்தா ஸகாத்தா, ஜமாஅத்தா ஜமாத்தா, ரமலானா ரமளானா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று இருபது முப்பது சொற்களுக்கு ஒரு வடிவம் முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர்ப்பெயரும் அதில் இருக்கட்டும். ‘கோயில்’, ‘கோவில்’ இரண்டும் தமிழில் வழங்குபவையே. ஆனால் அரசு ஆவணத்தில் நம் ஊர் கோவில்பட்டி. முகப்பில் ஒன்றும் கடைசிப் பக்க முகவரியில் வேறொன்றும் வரக்கூடாது.

ஆட்பெயருக்கு மட்டும் இந்தப் பட்டியல் செல்லாது. காதர் என்று எழுதுகிறவரை காதிர் என்று திருத்த நமக்கு உரிமையில்லை. அந்தக் குடும்பம் எப்படி எழுதுகிறதோ அப்படியே போடவேண்டும். மணமக்கள் பெயரை நிகாஹ் பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது. அந்தப் பக்கத்தில் ‘மனமக்கள்’ என்று இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

இறைநாமங்களும் குர்ஆன் வசனங்களும் வரும் இடத்தில் பட்டியலும் போதாது. ஓர் ஆலிமோ ஹாஃபிழோ மூலத்தை வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். ஒரு சான்று போதும். ‘ரஹீம்’ என்பது அளவற்ற அன்புடைய அல்லாஹ்வின் திருநாமம். ‘ரஜீம்’ என்பது விரட்டப்பட்ட ஷைத்தானைக் குறிக்கும் சொல். தமிழில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஹீ, ஜீ என்ற ஓர் எழுத்து. அரபியிலும் ஒரு புள்ளிதான்.

அச்சகத்தில் பிறக்கும் பிழைகள்

நாம் திருத்தி அனுப்பிய பிறகும் பிழை பிறக்கும். நாம் யூனிகோடில் தட்டச்சு செய்ததை, பக்கம் அமைப்பவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறும். கொம்பு தனியாக நிற்கும். ‘ஔ’ என்பது ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாகும். ஸலவாத்தைக் குறிக்கும் அரபு முத்திரை வெற்றுக் கட்டமாகிவிடும். எனவே கடைசி வாசிப்பை நம் கணினியில் உள்ள கோப்பில் செய்து பயனில்லை. உள்ளூர் அச்சகமானாலும் சிவகாசியானாலும், பக்கம் அமைத்து முடித்தபின் அவர்கள் தரும் மெய்ப்புத் தாளில்தான் செய்யவேண்டும். ஒரு பிழையைத் திருத்திய பிறகு அந்த வரியை மட்டும் பார்க்காமல் பத்தி முழுவதையும் பாருங்கள். திருத்தும்போது வரி நகர்ந்து வேறிடத்தில் முறிந்திருக்கும்.

எட்டுப் பக்க மடலுக்கு இரண்டு பேரும் இரண்டு மாலைகளும் ஒதுக்கலாம். முதல் நாள் அஸருக்குப் பின் ஒருவர் மூலப் பிரதியை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் மெய்ப்புத் தாளில் தொடரட்டும். விடுபட்ட வரியும் தவறிய எண்ணும் அப்போது தெரியும். தொலைபேசி எண், தொகை, தொழுகை நேரம், வசன எண் ஆகியவற்றை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லவேண்டும். மறுநாள் மேலே சொன்ன நான்கு வாசிப்புகள். இதழைத் தட்டச்சு செய்தவர் இந்த இருவரில் ஒருவராக இல்லாதிருப்பது நல்லது. தாம் எழுத நினைத்ததையே அவர் கண் தாளில் காணும்.

மாதிரி அறிவிப்பு திருத்தியபின் இப்படி அமையும்:

> அனைத்து ஜமாஅத்தினருக்கும் அறிவிப்பு. இன்ஷா அல்லாஹ், ரமலான் பிறை 1 முதல் நம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வழங்கப்படும். நோன்பு திறக்கும் நேரத்திற்குக் கால் மணி நேரம் முன்பாகப் பாத்திரத்துடன் வரவும். ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே பொறுப்பாளரிடம் கொடுத்துவிடவும். சென்ற மாதம் இறந்த முதியவருக்காக துஆ செய்யவும்.

முதலில் நீங்கள் எண்ணிய எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தால், அடுத்த இதழில் எந்த வாசிப்பை நீங்களும் எதை உங்கள் கூட்டாளியும் செய்வது என்று பிரித்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் நன்கறிந்தவன். வஸ்ஸலாம்.